அடுத்த மாதத்துக்குத் தள்ளிய வாக்கு

அச்சகத்துக்கு மேல்மாடியில் நாலு மேஜை போட்ட ஒரு அறை இருந்தது. மேஜைக்கு இவ்வளவு என்று மாத வாடகை. ஷேர் மார்க்கெட்டில் தொழில் செய்கிறவர்கள் வீட்டில் இருந்தால் உருப்பட மாட்டோம் என்று அங்கே வந்து உட்காருவார்கள். அந்த வருஷம் இரண்டு பேர்தான் நிலைத்திருந்தார்கள். ஜன்னலோரம் டீச்சர், சுவரோரம் பல் டாக்டர். மற்ற இரண்டு மேஜையிலும் ஆள் வருவதும் காணாமல் போவதுமாக இருந்தது. காணாமல் போனவர்கள் எங்கே போனார்கள் என்று இவர்கள் கேட்டுக்கொள்வதில்லை.

டீச்சர் பத்து வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவள். பள்ளிக்கூடத்தை விட்டு ஆறு வருஷம் ஆகியும் 'டீச்சர்' மட்டும் ஒட்டிக்கொண்டது. டாக்டர் பாதி நாள்தான் டாக்டர். மத்தியானத்துக்கு மேல் நாலு தெரு தள்ளியிருக்கும் கிளினிக்கில் பல் பிடுங்குவார், காலையில் இங்கே வந்து ஆப்ஷன் விற்பார். டீச்சருக்கும் அதுதான் தொழில்.

ஆப்ஷன் விற்பதை ஏதோ மாயவித்தை என்று நினைக்க வேண்டாம். அது ஒரு வாக்கு, அவ்வளவுதான். 'இந்தக் கம்பெனிப் பங்கு இன்ன தேதிக்குள் எண்பதுக்குக் கீழே போனால், உன்னிடம் இருப்பதை நான் எண்பதுக்கே வாங்கிக்கொள்கிறேன்' என்று முன்பின் தெரியாத ஒருவருக்கு வாக்குக் கொடுப்பது. இந்த வகைக்குப் புட் என்று பெயர். வாக்குக்குக் கூலி முன்கூட்டியே கைக்கு வந்துவிடும். விலை கீழே போகாமல் தேதி முடிந்தால் கூலி மிச்சம். போய்விட்டால், வாங்கின கூலியைப்போல் பல மடங்கு கொடுத்து அந்த வாக்கைத் திரும்ப வாங்க வேண்டியிருக்கும். வாக்கைக் காப்பாற்றுவாய் என்பதற்குப் பிணையாக உன் பணத்தில் பெரும்பங்கைத் தரகுக் கம்பெனி கட்டிப்போட்டு வைக்கும். வாக்கு முடிகிற வரையில் அந்தப் பணத்தை நீ பார்க்கலாம், தொட முடியாது.

மாதத்தின் மூன்றாவது வெள்ளி, தேதி முடிகிற நாள். இது அதற்கு முந்தின நாள், வியாழன். டீச்சர் கையில் மூன்று வாக்குகள் இருந்தன.

முதலாவது சோப்புக் கம்பெனி. ஒன்றரைக்கு விற்றது, இப்போது ஐந்து காசுக்குக் கிடந்தது. கையில் எடுத்துப் பார்க்கக்கூட இல்லை, ஐந்து காசு கொடுத்துத் திரும்ப வாங்கி முடித்துவிட்டாள்.

"அஞ்சு காசு தண்டம்" என்றார் டாக்டர், தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாளைக்குத் தானாவே செத்துப் போகப்போற ஒண்ணுக்கு எதுக்கு டீச்சர் காசு குடுக்கறீங்க?"

"நாளைக்குள்ள அது எழுந்து உக்காந்துட்டா?"

போன மாதம் இப்படித்தான் ஐந்து காசு மிச்சம் பிடிக்கப்போய், கடைசி நாள் மத்தியானம் கம்பெனித் தலைவர் ராஜினாமா செய்துவிட, செத்தது எழுந்து உட்கார்ந்து டாக்டரின் ஒரு மாத வருமானத்தைச் சாப்பிட்டுவிட்டுப் போயிற்று. ஊரார் பல்லையெல்லாம் இரக்கமில்லாமல் பிடுங்குகிறவருக்குத் தன் பல் என்று வந்தால் கை வராது.

இரண்டாவது டயர் கம்பெனி. ஐம்பதில் வாக்கு, பங்கு நாற்பத்தொன்பதே முக்காலில் நின்றது. இதை டீச்சர் ஒரு நிமிஷம் பார்த்தாள். நல்ல கம்பெனி, பங்கைத் தலையில் கட்டினாலும் சந்தோஷமாக வைத்துக்கொள்ளலாம். இந்த மாத வாக்கைத் திரும்ப வாங்க ஐம்பது காசு ஆகும். அடுத்த மாதத்துக்கு, அதுவும் ஐம்பதில் இல்லாமல் நாற்பத்தெட்டில், புது வாக்கு விற்றால் எண்பது காசு வரும். தேதியும் தள்ளுகிறது, விலையும் நமக்குச் சாதகமாக இறங்குகிறது, மேலே முப்பது காசும் கிடைக்கிறது. தள்ளுவது என்றால் இப்படியல்லவா தள்ள வேண்டும். பழையதை வாங்கிப் புதியதை விற்கிற ஆர்டரை ஒரே ஜோடியாகப் போட்டாள். இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. இதற்குத்தான் தொழிலில் ரோல் பண்ணுவது என்று பெயர்.

மூன்றாவதை அவள் 'வீட்டோட மாப்பிள்ளை' என்று கூப்பிடுவாள். நாலு மாதமாக வீட்டிலேயே உட்கார்ந்திருந்தது. போ என்று சொல்லவும் முடியாது, வைத்துச் சோறு போட்டும் கட்டுப்படியாகாது.

அது ஒரு பெயிண்ட் கம்பெனி. பங்கு எண்பத்துநாலில் இருந்தபோது எண்பதில் புட் விற்றாள். இருபது லாட், லாட்டுக்கு நூறு பங்கு, ஆக இரண்டாயிரம் பங்குக்கு வாக்கு. வழக்கமாக இரண்டு மூன்று லாட்டுக்கு மேல் தொடாதவள் அன்றைக்கு இருபது விற்றதற்குக் காரணம் வீட்டில் இருந்தது, அதற்கு வருவோம். கூலி பங்குக்கு இரண்டு. முதல் மாதம் பங்கு எழுபத்தாறுக்கு வந்தது. ரோல் பண்ணினாள், ஒன்று கிடைத்தது. மறுமாதம் எழுபத்துமூன்று. ரோல் பண்ணினாள், நாற்பது காசு. அதற்கடுத்த மாதம் எழுபது. ரோல், இருபது காசு. இன்றைக்கு அறுபத்தெட்டு.

பங்கு விலை வாக்கு விலைக்குக் கீழே இறங்கி, புட் தண்ணீருக்குள் ஆழமாகப் போகப் போக, மேலும் ஒரு மாதம் காத்திருப்பதற்குக் கிடைக்கிற கூலி கரைந்துகொண்டே வரும். இது அவளுக்குத் தெரியும், கரும்பலகையில் எழுதி விளக்கச் சொன்னால் விளக்குவாள். ஆனால் அவளுக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒரு காசாவது உள்ளே வருகிற வரையில் அது நஷ்டமில்லை, தள்ளிவைத்தது. தான் போட்ட சட்டத்துக்குத் தானே மாட்டிக்கொள்வதில் கணக்கு வாத்தியார்களை மிஞ்ச ஆளில்லை.

இதில் அவளை ஏமாற்றியது திரையின் இடது மூலையில் நின்ற ஒரு எண். ரொக்க இருப்பு. ரோல் பண்ணும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அது ஏறும். ஐம்பத்திரண்டாயிரத்தில் தொடங்கியது ஐம்பத்தொன்பதாயிரத்துக்கு வந்துவிட்டது. வாக்கை இன்றைக்குத் திரும்ப வாங்கினால் அதிலிருந்து இருபத்துநாலாயிரம் வெளியே போகும் என்பது அந்த மூலையில் எழுதியிருக்காது. அதை வலது பக்கம் நாலு வரி தள்ளிச் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். டீச்சர் நாலு மாதமாக இடது பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பார்த்தது மட்டும் என்றால் பரவாயில்லை. வீட்டுக்காரரிடமும் அதையே சொல்லியிருந்தாள். "அறுபது கிட்ட இருக்குங்க. லாக் ஆகியிருக்கு. இந்த மாசம் வந்துடும்."

வீட்டுக்காரர் மெக்கானிக். பதினெட்டு வருஷமாக ஒரு பஸ் கம்பெனியின் பட்டறையில் அடுத்தவர் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். சொந்தப் பட்டறை போடத் தோதாகப் பெரிய சாலையில் ஒரு ஷெட் வாடகைக்கு வந்தது. முப்பதாயிரம் முன்பணம். ஷெட்டுக்காரர் இவருடைய வேலையைப் பார்த்தவர், அதனால் மூன்று மாதம் பொறுத்தார். நாலாவது மாதம், "டயர்க்கடைக்காரர் ரொக்கத்தோட நிக்கிறாரு தம்பி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் உனக்காக வெச்சிருக்கேன்" என்றார். இருபது லாட் விற்றதே அந்த ஷெட்டுக்காகத்தான். முன்பணத்தோடு, வண்டியைத் தூக்கி நிறுத்த ஒரு லிஃப்டும் கம்ப்ரஸரும் வாங்குகிற அளவுக்குச் சேர்த்துவிடலாம் என்று பேராசை.

வெள்ளிக்குப் பணம் வர வேண்டுமானால் வியாழனே வாக்கை முடிக்க வேண்டும். முடித்தால் மிஞ்சுவது முப்பத்தைந்தாயிரம். ஷெட் வரும், லிஃப்ட் வராது, பதினேழாயிரம் நஷ்டம் என்பதை வாயைத் திறந்து சொல்ல வேண்டும். தள்ளினால் ஐந்து காசு கிடைக்கும், பணம் இன்னும் ஒரு மாதம் கட்டிக் கிடக்கும், ஷெட் டயர்க்கடைக்காரருக்குப் போகும். ஆனால் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. 'மார்க்கெட் சரியில்லைங்க, இன்னும் ஒரு மாசம்' என்றால் போதும். அவர் மூன்று தடவை அதற்குத் தலையாட்டியிருக்கிறார்.

டீச்சர் ஐந்து காசுக்கு ஜோடி ஆர்டரைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். யாரும் எடுக்கவில்லை.

"மாப்பிள்ளை என்ன சொல்றாரு?" என்று டாக்டர் கேட்டார்.

"அஞ்சு காசு கேக்கறேன். தரமாட்டேங்கறாங்க."

டாக்டர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். "பன்னெண்டு ஆழம். இவ்வளவு ஆழத்துல, வாக்கை வாங்கினவன் தேதி வரைக்கும் காத்திருக்கணும்னே இல்ல டீச்சர். எந்த நாள் வேணா ரெண்டாயிரம் பங்கையும் எண்பதுக்கு உங்க தலையில கட்டிருவான். லட்சத்து அறுபதாயிரம். இருக்கா?"

"இல்ல."

"சரிதான். புலி வாலைப் பிடிச்சிருக்கீங்க." ஐந்து காசு மிச்சம் பிடிக்கிறவரே இப்படிப் பேசுவதைக் கேட்டு டீச்சருக்குச் சிரிப்பு வர வேண்டும். வரவில்லை. "நானா இருந்தா தள்ளிருவேன்" என்று சேர்த்துக்கொண்டு அவர் தன் இடத்துக்கு உருண்டு போனார். அவர் எதைத்தான் தள்ளமாட்டார்.

பதினோரு மணிக்குத் தெருவில் டமடமவென்று சத்தம் கேட்டது. குழாய் போடத் தோண்டுகிறார்கள். பதினொன்றரைக்குச் சத்தம் நின்றது. திரையும் நின்றது. ஜன்னலிலிருந்து பார்த்தால், பள்ளத்தைச் சுற்றி ஆறு பேர் நின்று, அறுந்து தொங்கும் ஒரு கறுப்புக் கேபிளை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கைபேசியில் தரகுக் கம்பெனியின் செயலி, சுற்றிச் சுற்றி வந்ததே தவிரத் திறக்கவில்லை. டீச்சர் பார்த்தாள், போனில் ஆர்டர் எடுத்துக்கொள்ளும் டீலிங் டெஸ்க்குக்கே போன் போட்டாள். ஆறு வருஷத்தில் நாலைந்து தடவைதான் அப்படிக் கூப்பிட்டிருப்பாள். ஒன்பது நிமிஷம் இசை கேட்டபிறகு ஒரு ஆள் வந்தார். ஜலதோஷம் பிடித்த குரல். கணக்கு எண், பிறந்த தேதி எல்லாம் வாங்கிக்கொண்டார்.

"இந்த அழைப்பு பதிவாகுது மேடம். சொல்லுங்க."

"பெயிண்ட் கம்பெனி எண்பது புட்டை அடுத்த மாசத்துக்கு ரோல் பண்ணணும். இருபது லாட். ஜோடியா, அஞ்சு காசு வரணும். ஏற்கனவே போட்ட ஆர்டர் ஒண்ணு நிக்குது, அதை எடுத்துட்டுப் போடுங்க."

தட்டுகிற சத்தம். மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "போட்டாச்சு மேடம். லைன்லயே இருக்கீங்களா?"

இருந்தாள். ஐந்து நிமிஷம் போயிற்று.

"ஜோடியா யாரும் எடுக்கல மேடம். தனித்தனியா வேணா பண்ணலாம். எங்க டெஸ்க் வழக்கம், முதல்ல இருக்கறதை மூடிட்டுத்தான் புதுசை விப்போம். முதல்லயே வித்தா நாப்பது லாட்டுக்கு பிணை கேக்கும், உங்க கணக்கு தாங்காது. நடுவுல விலை நகர்ந்தா அது உங்க பொறுப்பு. சரியா?"

"சரி. பண்ணுங்க."

"ஒவ்வொரு ஆர்டரையும் தனித்தனியா படிப்பேன். நீங்க ஆமான்னு சொன்னாத்தான் அனுப்புவேன்." ஒருநாளைக்கு நூறு தடவை சொல்லிச் சலித்த குரலில் படித்தார். "முதல் ஆர்டர். பெயிண்ட் கம்பெனி, எண்பது புட், இந்த மாசம், இருபது லாட், வாங்கறீங்க, விலை பன்னெண்டு பத்து. இது இருக்கற பொசிஷனை மூடறதுக்கு. உறுதிதானே?"

"ஆமா."

தட்டல். தும்மல். "மன்னிக்கணும். ஆச்சு மேடம். பன்னெண்டு பத்துல இருபதும் வாங்கியாச்சு. பெயிண்ட் கம்பெனில பழைய பொசிஷன் எதுவும் இல்ல இப்போ."

நாலு மாதமாக ஒவ்வொரு ரோலிலும் அவள் இதைச் செய்துதான் இருக்கிறாள். நஷ்டத்துக்கு வாங்கி மூடி, அதே நொடியில் இன்னொன்றை விற்று. ஜோடி ஆர்டரில் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் போய்விடும், நடுவில் நிற்பதற்கு இடமே கிடையாது. இப்போது நடுவில் நின்றுகொண்டிருந்தாள். தெருவில் யாரோ யாரையோ திட்டுவது கேட்டது.

"இரண்டாவது ஆர்டர். பங்கு பத்து காசு இறங்கிருக்கு, அதனால பன்னெண்டு பதினஞ்சு தர்றாங்க. நீங்க கேட்ட அஞ்சு காசு வருது மேடம்." குரலில் ஒரு சின்னச் சந்தோஷம்கூட இருந்தது. "படிக்கறேன். பெயிண்ட் கம்பெனி, எண்பது புட், அடுத்த மாசம், இருபது லாட், விக்கறீங்க, விலை பன்னெண்டு பதினஞ்சு. இது புது பொசிஷன். பங்கு இப்ப அறுபத்தேழு தொண்ணூறு. உங்க ரொக்கத்துல பெரும்பகுதி அடுத்த மாசம் மூணாவது வெள்ளி வரைக்கும் பிணையா நிக்கும். உறுதிதானே?"

புது பொசிஷன். அந்த ஆள் தன் தாளில் எழுதியிருப்பதைத்தான் படித்தார். அவருக்கு இவளுடைய நாலு மாதம் தெரியாது, இரண்டு, ஒன்று, நாற்பது, இருபது எதுவும் தெரியாது. அவரைப் பொறுத்தவரையில், கையில் எதுவும் இல்லாத ஒரு பெண்மணி அறுபத்தெட்டில் கிடக்கும் பங்கை எண்பதுக்கு வாங்கிக்கொள்வதாகப் புதிதாக வாக்குக் கொடுக்க ஆசைப்படுகிறாள், அவ்வளவுதான்.

எதற்கு ஆசைப்படுகிறாள்? டீச்சர் மனக்கணக்குப் போட்டாள். ஐந்து காசு இரண்டாயிரம் தடவை. நூறு. முழு மாதத்துக்கு நூறு. ஷெட்டைக் கொடுத்து, இன்னும் முப்பது ராத்திரித் தூக்கத்தைக் கொடுத்து, நூறு வாங்கிக்கொள்வதற்கு ஒன்பது நிமிஷம் இசை கேட்டிருக்கிறாள். தெருவில் போகிற யாராவது வந்து, 'அக்கா, இதைச் செய்யட்டுமா' என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? காலையில் டயர் கம்பெனியை ஒரு நிமிஷத்தில் சரி பார்த்தவள், இதை மட்டும் நாலு மாதத்தில் ஒரு தடவைகூட அப்படிப் பார்க்கவில்லை.

"மேடம்? விலை மாறிடும். ஆமாவா?"

"வேண்டாம்."

"விலை வேண்டாமா? பன்னெண்டு இருபது கேக்கட்டுமா?"

"ஆர்டரே வேண்டாம். விக்கல. மூடினதோட நிறுத்திக்கலாம்."

"அப்போ இரண்டாவது ஆர்டர் ரத்து." அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. "வேற ஏதாவது?"

"பணம் எடுக்கணும். முப்பத்தஞ்சாயிரம்."

"இன்னிக்கு கோரிக்கை போட்டா நாளைக்கு மத்தியானத்துக்குள்ள பேங்க்குக்கு வந்துடும் மேடம். டயர் கம்பெனி ரெண்டு லாட்டுக்கு கொஞ்சம் பிணை வேணும். முப்பத்துமூணு எடுக்கலாம். போடட்டுமா?"

"போடுங்க. உடம்பைப் பாத்துக்கங்க. வெந்நீர் குடிங்க."

"நன்றி மேடம்" என்றார் அவர், அந்த அழைப்பில் முதல் தடவையாக மனுஷக் குரலில்.

போனை வைத்தாள். பதினேழாயிரம் போயிற்று. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், பசி வந்தது. காலையில் டப்பாவில் கொண்டுவந்ததைத் திறந்து, நின்றுகொண்டே முழுவதையும் சாப்பிட்டாள். தோள் இரண்டும் தானாகக் கீழே இறங்கின. இத்தனை நாள் அவற்றைக் காது வரைக்கும் தூக்கி வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. விடுதலை என்றால் இவ்வளவு அற்பமாகவா இருக்கும், டப்பாச் சோற்றோடு? இருந்தது. சந்தோஷமாகவே இருந்தது.

"தள்ளியாச்சா?" என்றார் டாக்டர்.

"மூடியாச்சு."

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். "வலிச்சுதா?"

"நீங்கதானே சொல்வீங்க, பிடுங்கறதுக்கு முந்தினவரைக்கும்தான் வலின்னு."

"அது நோயாளிங்களுக்குச் சொல்றது" என்றார் டாக்டர். பிறகு, கேபிள் வந்ததும் தன் ஐந்து காசு ஒன்றை முடித்துவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். யோசிப்பதோடு சரி என்று டீச்சருக்குத் தெரியும்.

இனி மிச்சம் இருப்பது ஒரே வேலை. அதைச் சாயங்காலத்துக்குத் தள்ளினால் மறுபடியும் பழைய புத்திதான் என்று, பையை எடுத்துக்கொண்டு நேரே பட்டறைக்கு நடந்தாள்.

வீட்டுக்காரர் ஒரு பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தார். இவள் செருப்பைப் பார்த்தே அடையாளம் தெரிந்துகொண்டு வெளியே சரிந்து வந்தார். வேலை நேரத்தில் அவள் அங்கே வந்ததே இல்லை.

"என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. எல்லாம் முடிஞ்சுது. அதைச் சொல்லத்தான் வந்தேன்." பையைத் தரையில் வைத்தாள். "அறுபது இருக்குன்னு சொன்னேனே, அது பொய். அறுபது எப்பவுமே இல்ல. நாலு மாசம் முன்னாடியே ஒரு பெயிண்ட் கம்பெனில நஷ்டம் ஆரம்பிச்சுது. மாசாமாசம் அதை அடுத்த மாசத்துக்குத் தள்ளிவிட்டுட்டு, உங்ககிட்ட மேல இருக்கற நம்பரை மட்டும் சொன்னேன். இன்னிக்குத் தள்ளாம முடிச்சுட்டேன். பதினேழாயிரம் போச்சு. நாளைக்கு மத்தியானம் முப்பத்துமூணு கைக்கு வரும்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். வேஸ்ட் துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார். ஐந்து விரல் முடிந்து அடுத்த கைக்குப் போனார்.

"அறுபதுன்னு நம்பி லிஃப்டுக்கு வாக்கு குடுத்துட்டேன்" என்றார் கடைசியில். "பழைய லிஃப்ட். போன வாரம். உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

இவள் கொடுத்த பொய் நம்பரில் அவர் ஒரு வாக்கு விற்றிருக்கிறார்.

அவர் போனை எடுத்து அங்கேயே கூப்பிட்டார். "அண்ணே, நான்தான். லிஃப்ட் வேணாம்ணே. பணம் இல்ல. இருக்குன்னு நெனச்சேன், இல்ல. என் மேல தப்பு, மன்னிச்சுக்கங்க." அந்தப் பக்கம் ஏதோ பேசியது வெளியேயும் கேட்டது. பரவாயில்லை தம்பி, அடுத்த மாசம் குடு, ஒரு சின்னத் தொகை மட்டும் இப்ப குடுத்து வை, உனக்காக எடுத்து வெக்கறேன்.

டீச்சர் அவர் வாயையே பார்த்தாள்.

"இல்லண்ணே" என்றார் அவர். "அடுத்த மாசமும் இருக்கும்னு தெரியல. வேற ஆளு வந்தா குடுத்துடுங்க. ஷெட்ல பள்ளம் வெட்டி வெச்சிருக்காங்க, அதுக்குள்ள நின்னு பாத்துக்கறேன்." போனை வைத்தார். எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

பிறகு அவள் பக்கம் திரும்பினார். "கோவமா இருக்கேன். தெரியுதா?"

"தெரியுது."

"நஷ்டத்துக்கு இல்ல. பணம் போகும், வரும், இந்தத் தொழில்னா அப்படித்தான்னு நீயே சொல்லிருக்க. என்கிட்ட நம்பரை மாத்திச் சொன்னே பாரு, அதுக்கு."

"தெரியும்."

"நாலு மாசமா மூணாவது வாரம் வந்தா நீ தூங்கறதில்ல. எழுந்து உக்காந்து சுவத்தைப் பாத்துட்டிருப்ப. நான் என்ன நெனச்சேன் தெரியுமா?" அவர் துணியைக் கீழே போட்டார். "ஏதோ டெஸ்ட் எடுத்திருக்கே, ரிசல்ட் வந்திருக்கு, என்கிட்ட மறைக்கறேன்னு நெனச்சேன். போன மாசம் நீ குளிக்கப் போனப்ப உன் பையைத் திறந்து ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கான்னு தேடினேன்."

டீச்சர் அவரைப் பார்த்தாள். ஷெட் போய்விடுமே என்று நாலு மாதம் பயந்தாள், அவர் முகம் சுருங்குமே என்று பயந்தாள். இந்த மனிதர் இதே நாலு மாதம் வேறொன்றுக்குப் பயந்து, வாயைத் திறக்காமல் பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தது அவள் போட்ட எந்தக் கணக்கிலும் வரவில்லை.

"எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லங்க" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் டப்பாச் சோற்றுக்கு வராத அழுகை வந்துவிட்டது.

"அதான் இப்ப சொன்னியே, பெயிண்ட் கம்பெனின்னு" என்றார் அவர். தொடுவதற்குக் கை வந்தது, துடைத்தும் போகாத கிரீஸைப் பார்த்து நின்றது. முழங்கையால் அவள் தோளை இரண்டு தடவை இடித்தார். பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் யாரோ இவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "வர்றேன்" என்று சத்தம் கொடுத்துவிட்டு, அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.